கல்யாண மெனு கார்டில் பெருமை போதும், உள்ளே என்ன இருக்குன்னு எழுதுங்க



நாங்கள் ஆலயக் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் தொண்டர்கள். வரும் முகூர்த்த நாட்களுக்கு மண்டபம் பதிவு செய்திருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் படிக்கணும். பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டு உட்கார்ந்து பொறுமையா படிங்க.

இப்போ எல்லாக் கல்யாணத்திலும் மேசைக்கு மேசை மெனு கார்டு வைக்கிறாங்க. கெட்டியான தாள், தங்க எழுத்து, ஓரத்தில் மயில். பொண்ணோட ஆபீஸ் சீன நண்பர்கள், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து மலாய்க் குடும்பம், படிச்ச காலத்து சபா சரவாக் சிநேகிதர்கள் எல்லாரும் வர்றாங்க, அவங்களுக்குப் புரியணுமே என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்றீங்க. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கார்டை எடுத்துப் படிச்சுப் பாருங்க. "தோட்டத்துக் காய்கறிகளின் ராஜபோக சங்கமம்." "பாட்டியின் கைமணத்தில் பாரம்பரிய அமுதம்." முதலாவது அவியலாம், இரண்டாவது பாயசமாம். நமக்கே இலையில் விழுந்த பிறகுதான் தெரியுது. சீன நண்பருக்கு எப்படித் தெரியும்?

நேரா சொல்லிடுறோம். சாப்பாட்டைத் தெரியாத ஒருத்தருக்கு எழுதும் கார்டில் பெருமைக்கு இடம் இல்லை. பேரு நம்ம பேராவே இருக்கட்டும். அவியலை அவியல்னே போடுங்க, மாத்தவே வேணாம். அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி வேணும். அந்த வரி மூணு விஷயத்தைச் சொல்லணும்: எதில் செய்தது, எப்படி இருக்கும், யாராவது தவிர்க்க வேண்டிய பொருள் உள்ளே இருக்கா. இந்த மூணும் இல்லாத கார்டு மேசை அலங்காரம்தான்.

"சாப்பாட்டு விஷயத்துக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பீங்க. கோபத்துக்குக் காரணம் இருக்கு.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பந்தியில் ஒரு சீன அம்மா உட்கார்ந்தாங்க. சந்திர மாதம் பதினைந்தாம் நாள், அன்னைக்கு அவங்களுக்குச் சைவ விரதம். கோயில் மண்டபம், எல்லாமே சைவம்தான் என்று நம்பித்தான் வந்திருக்காங்க. கார்டில் "மட்டன் வறுவல்" என்று போட்டிருந்தது. நமக்குத் தெரியும், ஆலய மண்டபத்தில் மட்டன் வராது, அது சோயாவில் செய்தது என்று. அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே கரண்டி எல்லாத்திலும் பட்டிருக்குமோ என்று பயந்து, வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டுட்டு எழுந்தாங்க. நாங்க போய்ச் சொல்றதுக்குள்ள இலையை மடிச்சிட்டாங்க. அன்னைக்கு இலையில் வைத்த பன்னிரண்டு வகையில் அவங்க பயமில்லாமல் சாப்பிடக்கூடியது எத்தனையோ இருந்தது. ஒரு சொல் அவங்களைப் பட்டினி போட்டது.

பசி போனால் அடுத்த வேளை சாப்பிட்டுக்கலாம். முந்திரி ஒவ்வாத ஒருத்தருக்கு அப்படி இல்லை. குருமாவில் முந்திரி கண்ணுக்குத் தெரியாது, அரைச்சு ஊத்தியிருக்கும். வெள்ளைக் குழம்பைப் பார்த்துத் தேங்காய்ப்பால் என்றுதான் நினைப்பாங்க. தொண்டை வீங்கி மூச்சு அடைச்ச பிறகு தெரிஞ்சு என்ன பயன்? தட்டில் முழுசா கிடக்கிற முந்திரியை ஒதுக்கிடலாம். அரைச்சதை ஒதுக்க முடியாது, அதைக் கார்டுதான் சொல்லணும்.

இனி எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

முதல் வேலை, கார்டை டிசைன் பண்றவரிடம் கொடுக்காதீங்க. சமையல்காரரிடம் போங்க. டிசைன் பண்றவருக்கு சாம்பார் என்றால் சாம்பார், அவ்வளவுதான். உள்ளே என்ன போகுது என்பது அடுப்புப் பக்கம் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

அவரிடம் கேட்கிற விதமும் முக்கியம். "அண்ணே, இதுல நட்ஸ் இருக்கா?" என்று கேட்டால் "இல்லம்மா" என்பார். பொய் சொல்லல. அவர் கணக்கில் நட்ஸ் என்றால் வேர்க்கடலை, முந்திரி மசாலாவில் சேர்த்தி. அதனால் பொருளைக் கேட்காதீங்க, செய்முறையைக் கேளுங்க. ஒவ்வொரு வகைக்கும் மூணே கேள்வி. இதுக்கு என்ன அரைக்கிறீங்க? எதில் என்ன தாளிக்கிறீங்க? இறக்கும்போது மேலே என்ன ஊத்துறீங்க, தூவுறீங்க? மறைந்திருக்கும் பொருள்கள் பெரும்பாலும் இந்த மூணு இடத்தில்தான் ஒளிஞ்சிருக்கு. அரைப்பதில் முந்திரியும் தேங்காயும். தாளிப்பதில் நெய்யும் நல்லெண்ணெயும் பெருங்காயமும். இறக்கும்போது தயிரும் பாலும். பாக்கெட்டில் வாங்குவது எதுவாக இருந்தாலும், "பாக்கெட்டைக் காட்டுங்கண்ணே" என்று வாங்கிப் பின்பக்கம் படிங்க. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சாதாரணம். சைவ இறைச்சி என்று விற்பதில் கோதுமைப் புரதம் இருக்கும், சிலதில் முட்டை வெள்ளைக்கரு கூட இருக்கும். அது நம்ம ஆலய விதிக்கே ஆகாது. கார்டு எழுதப் போய் அதைக் கண்டுபிடிச்சா அதுவும் லாபம்தான்.

இரண்டாவது, சொல். நிறைய தப்பு நடக்கிற இடம் இதுதான்.

நம்ம "பருப்பு" என்ற சொல்லைப் பாருங்க. துவரம் பருப்பும் பருப்பு, முந்திரிப் பருப்பும் பருப்பு. நமக்குக் குழப்பம் வராது. மலாயில் எழுதும்போதும் இதே கதை. "காச்சாங்" என்றால் அவரையும் காச்சாங், பயறும் காச்சாங், வேர்க்கடலையும் காச்சாங். நல்ல எண்ணத்தோடு "காச்சாங் உள்ளது" என்று எல்லா வரியிலும் போட்ட ஒரு கார்டைப் பார்த்தோம். சாம்பாரிலும் காச்சாங், குருமாவிலும் காச்சாங், வடையிலும் காச்சாங். முந்திரி ஒவ்வாதவர் அதைப் படிச்சால் ஒண்ணு எல்லாத்தையும் விடணும், இல்லன்னா எல்லாத்தையும் துணிஞ்சு சாப்பிடணும். ரெண்டும் தப்பு. முந்திரி என்றால் "காஜுஸ்" என்று பேரைச் சொல்லுங்க. வேர்க்கடலை என்றால் "காச்சாங் தானா". சாம்பாருக்கு "டால்" என்றால் இந்த நாட்டில் எல்லாருக்கும் புரியும். பொதுச் சொல் வேண்டாம், பொருளின் பேரைப் போடுங்க.

அடுத்தது நெய். மலாயில் நெய்க்கு "மின்யாக் சாப்பி". சாப்பி என்றால் மாடு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் மாட்டு எண்ணெய். மலாய் நண்பர்களுக்கு அது நெய் என்று தெரியும். ஆனால் மாட்டிறைச்சி தொடாத சீனர்கள் நம்ம நாட்டில் நிறைய பேர், கோயில் கார்டில் அந்தச் சொல்லைப் பார்த்தால் சிலருக்குத் திக்கென்று இருக்கும். நம்ம பிள்ளைகளிலேயே சிலர் கேட்டிருக்காங்க. பக்கத்தில் "பாலில் இருந்து எடுத்தது" என்று ரெண்டு சொல் சேர்த்தால் பிரச்னை முடிஞ்சது. பால் ஒத்துக்காதவருக்கும் அதே ரெண்டு சொல் உதவும்.

மூணாவது அவரைக்காய், மொச்சை. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது "பிராட் பீன்ஸ்" என்று போடுறாங்க. இந்தியாவில் அப்படி எழுதும் பழக்கம் இருக்கு. ஆனால் பிராட் பீன்ஸ் என்றால் ஃபாவா பீன்ஸ் என்னும் வேற செடி. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் அந்த ஃபாவா பீன்ஸை அறவே தவிர்க்கணும், ரத்தச் சிவப்பணு உடையும். நம்ம நாட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கு தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தப் பரிசோதனை செய்வது வழக்கம், அதனால் பிள்ளை பெற்ற பல தாய்மார்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும். கார்டில் "பிராட் பீன்ஸ் பொரியல்" என்று பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அது "ஹையசிந்த் பீன்". சரியான பேரை எழுதுங்க, சாப்பிடுறதா வேண்டாமா என்று தாய் முடிவு பண்ணட்டும்.

நாலாவது, ஒப்பிட்டுச் சொல்வது. இது ரொம்ப உதவும், ரொம்ப ஏமாற்றவும் செய்யும். வடையை "இந்திய டோனட்" என்று எழுதுறாங்க. நடுவில் ஓட்டை இருக்கு என்பதைத் தவிர ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? டோனட் என்று படிச்சவர் வாயில் இனிப்பை எதிர்பார்க்கிறார், மிளகு கடிபடுது. முகம் சுளிப்பது வடையின் குற்றம் இல்லை. "உளுந்து அரைத்துப் பொரித்தது, உப்பும் மிளகும் சேர்ந்தது, மேலே மொறுமொறு, உள்ளே மெத்து" என்றால் வேலை முடிஞ்சது.

சாம்பாரை "டால்சா மாதிரி" என்று எழுதுவது இன்னும் நல்ல யோசனை. மலாய்க் கல்யாணத்தில் டால்சா சாப்பிடாதவங்க யார்? ஆனால் அங்கே டால்சாவில் எலும்போ இறைச்சியோ போடுவது சகஜம். டால்சா என்று மட்டும் விட்டால் சைவம் சாப்பிடுறவர் சந்தேகப்படுவார். "டால்சா போன்றது, இறைச்சி இல்லை, புளி சேர்த்தது" என்று வரியை முடிங்க. ஒப்பிட்டால் எங்கே ஒத்துப்போகுது, எங்கே வேறுபடுது ரெண்டையும் சொல்லணும்.

பாயசத்தைப் "பாரிஜ்" என்று எழுதினால் சீன நண்பருக்கு உப்புக் கஞ்சி ஞாபகம் வரும். "இனிப்பு" என்ற சொல் முதலில் வரட்டும். ஜவ்வரிசிக்கு "சாகு" என்றால் எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், பசும்பாலா தேங்காய்ப்பாலா என்று சொல்வது. பசும்பால் குடிச்சால் வயிறு கலக்குகிறவர்கள் நம்ம நாட்டில் எல்லா இனத்திலும் இருக்காங்க. "சந்தான்" என்றால் தைரியமா குடிப்பாங்க, "சூசு" என்றால் யோசிப்பாங்க.

சரி, ஒரு முழு கார்டையே எழுதிப் பார்ப்போம். சனிக்கிழமை காலை முகூர்த்தம், மதியம் வாழை இலைச் சாப்பாடு. இலையில் சோறு, சாம்பார், ரசம், காய்கறிக் குருமா, சைவ மட்டன் பிரட்டல், அவியல், முட்டைக்கோஸ் பொரியல், வடை, அப்பளம், மாங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், பாயசம். பன்னிரண்டு வகை. கார்டில் இந்த வரிகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் போகும். இங்கே நம்ம வசதிக்குத் தமிழில் எழுதுறோம்.

சமையல்காரரிடம் மூணு கேள்வி கேட்டாச்சு. குருமாவுக்குத் தேங்காய், முந்திரி, சோம்பு அரைக்கிறார், வெங்காயம் பூண்டு வதக்குறார். அவியலில் கடைசியில் தயிர். சாம்பாரில் சின்ன வெங்காயமும் பெருங்காயமும். ரசத்தில் பூண்டு, தாளிப்பு நெய்யில். பாயசம் பசும்பால், மேலே நெய்யில் வறுத்த முந்திரி. ஊறுகாயில் நல்லெண்ணெய். மற்ற எல்லாத்துக்கும் சமையல் எண்ணெய். சைவ மட்டன் பாக்கெட்டில் சோயாவும் கோதுமையும், முட்டை இல்லை. இதெல்லாம் கேட்க அரை மணி நேரம் கூட ஆகல.

இப்போ குருமா. பழைய கார்டில் இருந்தது: "மணமணக்கும் மசாலாக்களில் மிதக்கும் காய்கறிச் சுரங்கம்." நாங்க எழுதுவது: "காய்கறிக் குருமா. கேரட், உருளைக்கிழங்கு, பட்டாணி, தேங்காயும் முந்திரியும் அரைத்த கெட்டிக் குழம்பில். காரம் குறைவு. முந்திரி, வெங்காயம், பூண்டு உள்ளது." அவ்வளவுதான். மலாய் நண்பருக்குக் குருமா பழக்கமான பேர், ஆனால் அவருக்குத் தெரிஞ்ச குருமாவில் கோழியோ இறைச்சியோ இருக்கும். காய்கறிகளின் பேரை வரிசையாச் சொன்னதும் சந்தேகம் தீர்ந்துடுது.

சைவ மட்டன். இதுக்கு மட்டும் பேரையே கொஞ்சம் மாத்தணும். "சைவ" என்ற சொல்லை முன்னால் சின்ன எழுத்தில் போட்டு "மட்டன்" என்பதைப் பெரிசாப் போடாதீங்க. "சோயா பிரட்டல். சோயாவும் கோதுமையும் சேர்த்துச் செய்த துண்டுகள், மிளகு மசாலாவில் தண்ணி இல்லாமல் பிரட்டியது. காரம் அதிகம். இறைச்சி இல்லை. சோயா, கோதுமை, வெங்காயம், பூண்டு உள்ளது." வாயில் வைத்தால் இறைச்சி மாதிரியே இருக்கும், அதனால் "இறைச்சி இல்லை" என்பது இந்த ஒரு வரியில் தனியா வந்தே ஆகணும். கடிச்ச பிறகு சந்தேகம் வந்து துப்புறவங்களை நாங்க பார்த்திருக்கோம்.

அவியல்: "பல காய்கறிகளை விரல் நீளத்துக்கு வெட்டி வேகவைத்து, அரைத்த தேங்காயும் தயிரும் சேர்த்தது. லேசான புளிப்பு. பால் பொருள் உள்ளது." முட்டைக்கோஸ் பொரியலை எழுதும்போது கவனம், பேரில் முட்டை இருக்கு என்று நினைச்சு யாரோ "எக்" என்று மொழிபெயர்த்ததும் நடந்திருக்கு. "கோபிஸ், தேங்காய்த் துருவலோடு வதக்கியது, காரம் இல்லை" என்றால் போதும்.

ரசம்: "புளி, மிளகு, பூண்டு சேர்ந்த தெளிவான புளிப்புச் சாறு. சோற்றில் ஊற்றியும் சாப்பிடலாம், கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கலாம். காரம் உண்டு. நெய், பூண்டு உள்ளது." குடிக்கலாம் என்று எழுதினால்தான் இலையில் ஊத்தினதும் ஓடுதே என்று பதறாம, கிண்ணம் கேட்பாங்க.

ஊறுகாயும் மோர் மிளகாயும் எவ்வளவு எடுக்கணும் என்று சொல்ல வேண்டிய வகைகள். இந்த நாட்டில் யாருக்கும் காரம் புதுசில்லை, சம்பால் சாப்பிட்டு வளர்ந்தவங்கதான். ஆனால் இலையில் ஓரமா வைச்ச மாங்காயைக் காய்கறி என்று நினைச்சு ஒரே வாயில் போட்டால் உப்பு தூக்கி அடிக்கும். "மாங்காய் ஊறுகாய், உப்பும் காரமும் மிக அதிகம், நகக்கண் அளவு தொட்டுக்கொள்ளவும், எள் எண்ணெய் உள்ளது." "மோர் மிளகாய், மோரில் ஊறவைத்துக் காயவைத்துப் பொரித்த முழு மிளகாய், தயிர்ச்சோற்றோடு சிறிது கடிக்கவும்." கறிவேப்பிலைக்கும் அடியில் ஒரு வரி: "பச்சை இலை வாசனைக்கு, ஒதுக்கி வைக்கலாம்." இதைப் பரிமாறும்போது எங்களிடம் எத்தனை பேர் கேட்டிருக்காங்க தெரியுமா?

இந்தக் கார்டின் வரிசையும் முக்கியம். ருசிக்கு ஏற்ற வரிசை, எழுத்து வரிசை எல்லாம் வேண்டாம். இலையில் எங்கே வைக்கிறோமோ அந்த வரிசையில் போடுங்க. இலையின் மேல் பாதியில் இடது ஓரத்தில் இருந்து உப்பு, ஊறுகாய் என்று தொடங்கி எண் கொடுங்க. கார்டில் சின்னதா ஒரு இலைப் படம், அதில் அதே எண்கள். விருந்தாளிக்குப் பேரே தெரியாவிட்டாலும் "நாலாவது இடத்தில் இருக்கிறது இது" என்று கண்டுபிடிச்சிடுவார். ஆனால் இதுக்குப் பரிமாறுகிறவர்கள் எல்லா இலையிலும் ஒரே இடத்தில் வைக்கணும். அது எங்க வேலை. கார்டை எங்களுக்கு முதலில் கொடுங்க, பந்திக்கு முன்னால பிள்ளைகளுக்குச் சொல்லிடுறோம்.

வெங்காயம் பூண்டை ஏன் இவ்வளவு வற்புறுத்துறோம் என்றால், கடுமையான சீனப் பௌத்த சைவத்தில் அது கிடையாது. பூண்டு, வெங்காயம், அந்தக் குடும்பத்துக் கீரை வகைகள், பெருங்காயம் எல்லாம் விலக்கு. நாம "முழு சைவம்" என்று போட்டால் அவங்க தங்களுடைய சைவத்தை நினைச்சுக்குவாங்க. நம்ம பக்தர்களிலேயே விரத காலத்தில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் இருக்காங்க. இதைப் புரிஞ்சுக்க நமக்குச் சிரமமே இருக்கக் கூடாது.

"ஹலால்" என்ற சொல்லைப் பற்றியும் சொல்லணும். மலாய் நண்பர்கள் தயங்கக் கூடாது என்று சில குடும்பங்கள் ஆசையாக அந்தச் சொல்லைப் போட்டுடுறாங்க. வேண்டாம். 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஆணைகள்படி, ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றம் சான்று தராத உணவை வியாபாரம் செய்கிறவர் ஹலால் என்று சொல்லக் கூடாது. உங்க சமையல்காரர் சிக்கலில் மாட்டுவார். சட்டத்தை விடுங்க, இன்னொருத்தர் சமயத்தில் எது ஆகும் என்று தீர்ப்பு சொல்ல நாம யார்? "இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் சேர்க்கப்படவில்லை" என்று உண்மையை மட்டும் எழுதுங்க. சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவங்க முடிவு. அந்த வரியையும் சரிபார்த்துத்தான் எழுதணும். கேக் வெட்டினால் அதில் முட்டை இருக்கு. வெளியில் வாங்கின ஐஸ்கிரீம், புட்டிங்கில் ஜெலாட்டின் இருக்கலாம், அது விலங்கில் இருந்து வருவது. நம்ம ஊரு அகார் அகார் கடற்பாசி, அதில் பயம் இல்லை.

இன்னொரு எல்லையும் இருக்கு. "முந்திரி ஒவ்வாதவருக்குப் பாதுகாப்பானது" என்று எந்த வகைக்கும் எழுதாதீங்க. எங்கள் சமையலறையில் ஒரே அடுப்பு, ஒரே அண்டா, ஒரே கரண்டி. குருமா அரைச்ச மிக்சியில்தான் அவியலுக்குத் தேங்காய் அரைக்கிறோம். அதனால் இருப்பதை "உள்ளது" என்று சொல்லலாம், இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. கார்டின் அடியில் ஒரு வரி: "எல்லா வகையும் ஒரே சமையலறையில் செய்யப்பட்டது. ஒவ்வாமை உள்ளவர்கள் மஞ்சள் துண்டு அணிந்த தொண்டரிடம் கேட்கவும்." அந்தத் தொண்டருக்குச் சமையல்காரர் சொன்ன குறிப்பு முழுசா கையில் இருக்கணும்.

கடைசி நேர மாற்றம்தான் நல்ல கார்டையும் கெடுத்துவிடும். அழைப்பிதழோடு சேர்த்து மூணு மாதத்துக்கு முன்னாலேயே கார்டை அச்சடிச்சிடுறீங்க. அப்புறம் சமையல்காரர் பாயசத்தைத் தேங்காய்ப்பாலுக்கு மாத்துறார், வேற கம்பெனி சைவ இறைச்சி வாங்குறார். கார்டு பழசையே சொல்லிட்டு நிற்குது. கார்டே இல்லாவிட்டால் விருந்தாளி கேட்டுச் சாப்பிடுவார். தப்பான கார்டு இருந்தால் கேட்காமல் நம்பிச் சாப்பிடுவார். அதுதான் ஆபத்து. மயிலும் தங்க எழுத்தும் உள்ள உறையை எப்போ வேணும்னாலும் அடிச்சுக்கோங்க. உள்ளே வைக்கிற தாளைச் சாமான் வாங்கின பிறகு, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால், சாதாரண ஏ4 தாளில் அடிங்க. ஒரு தாளில் ரெண்டு கார்டு வரும், நாலு பேருக்கு ஒண்ணு போதும். மேசை வெளிச்சத்தில் வயசானவங்க படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிசா இருக்கட்டும். அன்னைக்குக் காலையில் ஒரு வகை மாறினால் பேனாவால் அடிச்சு எழுதுங்க. அசிங்கமா இருக்கும் என்று கவலைப்படாதீங்க.

இதையெல்லாம் சொன்னால் மூணு பதில் வருது.

ஒண்ணு: "ஆஸ்பத்திரி மெனு மாதிரி இருக்கு, கல்யாணக் களை போயிடும்." களை மாலையிலும் மேளத்திலும் இருக்கு. பன்னிரண்டு வரியில் எது உள்ளே இருக்குன்னு எழுதினதால் எந்தக் கல்யாணமும் களை இழந்ததில்லை. அழகான வார்த்தை வேணும் என்றால் மணமக்கள் வாழ்த்தில் எழுதுங்க, அதுக்கு முதல் பக்கம் இருக்கு.

ரெண்டு: "அவங்க மலேசியர்கள்தானே, வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுப் பழகினவங்க, தெரியலன்னா கேட்பாங்க." வாழை இலைக் கடையில் பழகினது மீன் குழம்பும் பொரிச்ச கோழியும். அவியலும் மோர் மிளகாயும் வேற. கேட்பாங்க என்பதும் பாதி உண்மைதான். விருந்துக்கு வந்த வீட்டில் "இதுல என்ன போட்டிருக்கீங்க" என்று கேட்க எல்லாருக்கும் கூச்சம். நாம அவங்க வீட்டு விருந்துக்குப் போய் உட்கார்ந்தால் எத்தனை பேர் வாய் திறந்து கேட்கிறோம்? பேசாமல் ஒதுக்கி வைச்சுட்டு எழுந்து வர்றோம் இல்லையா?

மூணு, இதுதான் எங்களுக்கு வருத்தமானது: "நம்ம கோயில், நம்ம சாப்பாடு, எதுக்கு அடுத்தவனுக்கு விளக்கிக்கிட்டு இருக்கணும்?" சொந்தங்களே, அழைத்தது நாம. அழைப்பிதழில் பேர் எழுதிக் கொடுத்து, வாசலில் பன்னீர் தெளிச்சு, சந்தனம் கொடுத்து, உட்கார வைச்சது நாம. பந்தியில் உட்கார்ந்த பிறகு அவர் நம்ம பொறுப்பு. ரசத்தின் பேரை மாத்தச் சொல்லல. அவியலை "சாலட்" ஆக்கச் சொல்லல. பேர் நம்ம பேரு, சமையல் நம்ம சமையல். கூட ஒரு வரி உண்மை மட்டும்தான் கேட்கிறோம்.

இனி மண்டபம் பதிவு செய்யும் குடும்பங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் உங்க மெனுவையும் சமையல்காரர் நம்பரையும் எங்களிடம் கொடுங்க. மூணு கேள்வியை நாங்களே போய்க் கேட்டு, பன்னிரண்டு வரியையும் எழுதித் தர்றோம். ஆங்கிலமும் மலாயும் நல்லாத் தெரிந்த ஆசிரியைகள் எங்கள் குழுவில் இருக்காங்க, அவங்க சரிபார்ப்பாங்க. இதுக்குக் காசு வேண்டாம். ஏற்கனவே கார்டு அடிச்சாச்சு என்றால் அதையும் கொண்டுவாங்க. உள்ளே வைக்க ஒரு தாள் நாங்க தர்றோம்.

சமையல்கார அண்ணன்மார்கள், அக்காமார்கள் யாராவது இதைப் படித்தால், உங்க கைப்பக்குவ ரகசியம் எங்களுக்கு வேண்டாம். அளவு கேட்க மாட்டோம். என்ன அரைக்கிறீங்க என்று மட்டும் சொல்லுங்க.

இந்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அவங்களுக்கு அனுப்பி வையுங்க.

மண்டபப் பந்திச் சேவைக் குழு